ஒரு அழைப்புக்கு 300 நொடி: கால் சென்டரில் அந்நியமாதல் எங்கே இருக்கிறது?

முத்துவேல்
பனியன் கம்பெனியில் சட்டை கண்ணுக்குத் தெரிகிறது. தைத்தவருக்கு அது சொந்தமில்லை, தனக்கு அந்நியமான பொருளாக எதிரே நிற்கிறது என்று மார்க்ஸ் சொல்வது சட்டென்று புரிகிறது. கால் சென்டரில் அப்படிப் பொருள் எதுவும் கிடையாதே? அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். புலம்பல் வேண்டாம், வேலைமுறை வேண்டும்.

கவிநயா
இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லைங்க. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு நாள் முழுக்க அதே வரியைச் சொன்னா யாருக்கும் வெறுத்துப் போகும். அந்த வெறுப்புதான் அந்நியமாதல். நல்ல டீம் லீடரும் ஒழுங்கான இன்சென்டிவும் இருந்தா பாதி குறைஞ்சிடும்.

இளங்கோ
கவிநயா சொல்வதில் பாதி சரி. வேலையில் இருக்கும்போது ஆள் தன்னிடம் இல்லை, வெளியே வந்தால்தான் தன்னிடம் வருகிறான் என்று 1844 கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸே எழுதுகிறார். ஆனால் அவர் வெறுப்பை அளக்கவில்லை. வேலையின் வேகம், முறை, விளைவு எல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று கேட்கிறார். சிரித்துக்கொண்டே வேலை பார்ப்பவரும் அந்நியப்பட்டவராக இருக்கலாம்.

கால் சென்டரில் இதைப் பார்க்க ஒரே ஒரு எண் போதும்: ஏ.எச்.டி., அதாவது ஒரு அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம். பேசிய நேரம், ஹோல்டில் வைத்த நேரம், போனை வைத்தபின் குறிப்பு எழுதும் நேரம் மூன்றையும் கூட்டி அழைப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். டார்கெட் 300 நொடி, ஷிப்டில் 60 அழைப்பு என்று வையுங்கள். 40 அழைப்பு வரை ஒருவர் சரியாக 300இல் இருக்கிறார். 41ஆவதில் ஒரு வயதானவர். இருமுறை பிடித்த பணம் திரும்ப வரவில்லை. உட்கார்ந்து தீர்க்க 25 நிமிடம், அதாவது 1,500 நொடி. மீதி 19 அழைப்பும் 300இலேயே முடிந்தாலும் அன்றைய சராசரி 320க்குப் போய்விடும். அதை 300க்கு இழுக்க அதிகமான 1,200 நொடியை மிச்சமிருக்கும் 19 பேரிடமிருந்து எடுக்க வேண்டும். ஆளுக்கு 63 நொடி.

அந்த 63 நொடி எங்கே கிடைக்கும்? விளக்கத்தைச் சுருக்குவார்கள். "24 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லி வைப்பார்கள். வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். குறிப்பை அரைகுறையாக எழுதுவார்கள். மறுநாள் அதே வாடிக்கையாளர் கூப்பிடும்போது வேறொருவர் எடுப்பார், குறிப்பில் ஒன்றும் இருக்காது, முதலிலிருந்து கேட்க வேண்டும். இப்போது அவருடைய ஏ.எச்.டி. ஏறும்.

முத்துவேல் கேட்ட பொருள் இதுதான்: தீர்ந்துபோன ஒரு சிக்கல். பணம் கணக்கில் ஏறியதா இல்லையா என்பது அதற்காகப் பேசியவருக்குத் தெரியவே தெரியாது. தையல்காரருக்குக் கையை விட்டுப் போகுமுன் துணியாவது தெரியும். இவருக்கு மிஞ்சுவது ஒரு டிக்கெட் எண்.

சங்கர், திருப்பூர்
எங்க யூனிட்ல இதுக்கு வழி கண்டோம். ஒருத்தரே வருஷக்கணக்கா தோள் இணைச்சுக்கிட்டே இருந்தா சலிப்பு வரும், தப்பும் கூடும். கழுத்து ரிப், கை ஏத்துறது, சைடு அடிக்கிறதுன்னு மாத்தி மாத்திப் போடுறோம். ஆளும் நிக்கிறாங்க, லீவு விழுந்தா லைனும் நிக்கிறதில்ல. அந்நியமாதல் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், குறைஞ்சிருக்கு.

இளங்கோ
சங்கர் அண்ணா, சலிப்பு குறைவது உண்மைதான். ஆனால் யார் எந்த மெஷினில் உட்காருவது, மணிக்கு எத்தனை பீஸ் என்று முடிவு செய்வது யார்? லீவு விழுந்தால் லைன் நிற்காது என்று நீங்களே சொன்னீர்கள். எல்லா வேலையும் தெரிந்தவரின் இடத்தில் யாரையும் வைக்கலாம், அவரையும் எங்கும் வைக்கலாம். பேரம் பேசும் பலம் கூடியதா குறைந்ததா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கூலியைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் பழைய உதாரணம் உண்டு. 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்தபின் ஒரு காரின் சேசிஸ் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்கு வந்தது. அதே ஆண்டில் ஆட்கள் விட்டுப்போகும் விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததும் ஆட்கள் நின்றார்கள். லைனின் வேகம் முன்பிருந்த கையிலேயே இருந்தது.

ரேவதி (குவாலிட்டி பிரிவில் இருந்தவர்)
எண் மட்டும் இல்லை, குரலும் இருக்கு. குவாலிட்டி ஷீட்ல அழைப்பைக் கேட்டு மார்க் போடுவோம்: வணக்கம் சொன்னாங்களா, அடையாளம் சரிபார்த்தாங்களா, ஹோல்ட் போடுமுன் அனுமதி கேட்டாங்களா, வருத்தம் தெரிவிச்சாங்களா, கடைசில "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" கேட்டாங்களா. அடையாளம் சரிபார்க்க விட்டுட்டா மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும் மொத்தமும் பூஜ்யம்.

இறந்துபோன அப்பாவோட போன் நம்பரை மூடச் சொல்லி மகள் கூப்பிடுறாங்கன்னு வச்சுக்குங்க. ஸ்கிரிப்ட் என்ன சொல்லும்? "கணக்கு யார் பேரில் இருக்கோ அவரிடம் பேச வேண்டும்." எடுத்தவங்க அதைச் சொல்லாம, பதறிப்போய் "ஐயோ, எப்பம்மா?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வி ஷீட்ல எங்கேயும் இல்ல. "உங்கள் சிரமம் புரிகிறது"ன்னு எழுதிக் கொடுத்த வரியைச் சொன்னாத்தான் வருத்தத்துக்கு மார்க். சமூகவியலாளர் ஹோச்சைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பத்தி எழுதினது இதைத்தான்: உணர்ச்சியே சரக்காகி, எப்படிச் சிரிக்கணும்னு கம்பெனி சொல்ற நிலை. நாள் முழுக்க அளந்து குடுத்துட்டு வீட்டுக்குப் போனா, சொந்தப் பிள்ளைகிட்டயும் அதே குரல் வருது.

பக்கத்து சீட்டும் அப்படித்தான். பல இடங்கள்ல தினமும் வேற இருக்கை. பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்டா கேக்கிறவங்க நொடியும் ஓடும், சொல்றவங்க நொடியும் ஓடும். சாயங்காலம் இரண்டு பேர் பேரும் ஒரே ரேங்க் பட்டியல்ல மேலும் கீழுமா நிக்கும். யாரும் கெட்டவங்க இல்ல, உதவி பண்ணினா நஷ்டம்ங்கிற மாதிரி கட்டியிருக்காங்க.

பிரபு
அண்ணே, என் தம்பி கால் சென்டர்ல இருக்கான். ஒரகடம் கார் கம்பெனில கான்ட்ராக்ட் வேலை வருது. எது பெட்டர்? நைட் ஷிப்ட் அலவன்ஸ் ரெண்டுலயும் உண்டா?

ரேவதி
பிரபு தம்பி, இங்க பேசுறது வேற. இருந்தாலும் கான்ட்ராக்ட்னா யார் மூலமா, பி.எஃப். பிடிக்கிறாங்களா, எத்தனை மாசம், இந்த மூணையும் முதல்ல எழுத்துல வாங்கச் சொல்லு.

கவிநயா
சரி, இளங்கோ. அந்த 63 நொடிக் கணக்கு உண்மைதான்னு ஒத்துக்கிறேன். ஆனா இதுக்கு மாற்று என்ன? ஏ.எச்.டி.யை எடுத்துட்டா காத்திருக்கிற வரிசை நீளும். அடுத்து காத்திருக்கிறவரும் மனுஷன்தானே?

இளங்கோ
நியாயமான கேள்வி. சில இடங்களில் ஏ.எச்.டி.யை ஆள்வாரியாகக் காட்டாமல், ஆட்கள் எத்தனை வேண்டும் என்று திட்டமிட மட்டும் வைத்துக்கொள்வார்கள். அதே வாடிக்கையாளர் அதே சிக்கலோடு திரும்பக் கூப்பிட்டாரா என்று மட்டும் பார்ப்பார்கள். இழுபறி குறையும். ஆனால் எதை அளப்பது என்பதை முடிவு செய்வது அப்போதும் மேலே இருப்பவர்தான்.

முத்துவேல்
அப்போ உடைமை மாறினால் போதுமா? கண்ணூரில் தினேஷ் பீடி 1969இல் தொழிலாளர் கூட்டுறவாக வந்தது. பீடி சுற்றுவது அதே வேலை, விரல் அதேதான். அந்தப் பகுதியில் பீடி சுற்றும்போது ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கம் உண்டு. அதையெல்லாம் அந்நியமாதல் இல்லை என்று சொல்லலாமா?

இளங்கோ
முடிவைத் தாங்களே எடுத்த வரைக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பீடி விற்பனை சரிந்தபோது கூட்டுறவும் சந்தை சொன்னபடிதான் ஆடியது, குடை, உணவுப்பொருள் என்று மாறியது. அந்த மாற்றத்தைப் பீடி சுற்றுகிறவர்கள் தீர்மானித்தார்களா, நிர்வாகக்குழு தீர்மானித்ததா என்பதில்தான் எனக்குத் தகராறு.

சங்கர், திருப்பூர்
கூட்டுறவா இருந்தாலும் பையர் அனுப்புற ஷிப்மென்ட் தேதி மாறாதுங்க. அதுக்கு மார்க்ஸ்கிட்ட பதில் இருந்தா சொல்லுங்க.