கலைச்சொல்: ஜெர்மன் வரிப் படிவத்தின் செலவுத் தலைப்புகளும் கடைசிப் பொத்தானும்

செல்வி, கும்பகோணம்:
வணக்கம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக அங்குள்ள ELSTER வரித் தளத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். Werbungskosten, Sonderausgaben, Außergewöhnliche Belastungen என்ற மூன்று தலைப்புகளிலும், படிவத்தின் கடைசிப் பொத்தானிலும் நிற்கிறேன். முதல் வரைவில் Werbungskosten 'விளம்பரச் செலவு' ஆகியிருக்கிறது.

முருகன், ஸ்டுட்கார்ட் (சொந்த ஊர் பாபநாசம்):
அகராதியில் Werbung என்றால் விளம்பரம்தான், அக்கா. ஆனால் இங்கே அது வருமானத்தைச் சம்பாதிக்கவும் தக்கவைக்கவும் ஆகும் செலவு. 2024 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள அலுவலகத்துக்கு 200 நாள் போகிறார். போகும் வழிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 0.30 யூரோ, ஆக 900 யூரோ. ஆனால் ரசீதே இல்லாவிட்டாலும் ஊழியரின் வரிக்குரிய வருமானத்தில் 1,230 யூரோ கழித்துவிடுவார்கள். அதனால் இந்த 900-ஐ மட்டும் எழுதினால் வரியில் மாற்றமே இருக்காது. வேலைக்கென்று 500 யூரோவுக்கு மடிக்கணினி வாங்கியிருந்தால் மொத்தம் 1,400, அப்போதுதான் 170 கூடுதலாகக் கழியும். விளம்பரம் என்று படித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறவருக்கு அந்த 170 கழியாது.

தமிழரசி, நாகப்பட்டினம்:
அப்படியானால் 'வேலைச் செலவு' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

முருகன்:
சம்பளக்காரருக்குச் சரி. வீட்டு வாடகை வருமானம் உள்ளவருக்கும் இதே பெயரில்தான் செலவு கழியும். அங்கே 'வேலை' பொருந்தாது.

புலவர் இராமலிங்கம், திருவையாறு:
'ஈட்டுச் செலவு' என்க. பொருளீட்டல் நம் சொல். அதோடு இப்படிக் கழிக்கும் தொகைக்குச் சொல்லும் 'கழிவு' என்ற சொல்லையே கைவிட வேண்டும். கழிவுநீர், கழிவறை என்று அது எங்கோ போய்விட்டது. இராசராசன் தஞ்சைக் கல்வெட்டில் ஊர் ஊராக நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழித்தபின் 'நீக்கி இறை கட்டின நிலம்' இவ்வளவு என்று வரும். வரிக்கு உட்படாததை எடுத்துவிட்டு மீதிக்கு இறை கட்டுவது. ELSTER செய்வதும் அதுவே. எனவே 'நீக்கம்'. இறை என்பதற்கும் இறுத்தல் என்பதற்கும் உள்ள உறவைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

தமிழரசி:
ஐயா, 'பணிநீக்கம்' கேட்டுப் பழகிய பிள்ளை 'நீக்கம்' என்றதும் பயந்துவிடும். 'ஈட்டு' என்றால் எங்கள் பக்கம் ஈடு, அடமானம்தான் நினைவுக்கு வரும். கழிவு இருக்கட்டும்.

சேகர், மன்னார்குடி:
கடைசிப் பொத்தான் பற்றிச் சொல்கிறேன். அனுப்பியதோடு வேலை முடியாது! நான் இங்கே கணக்கைச் சமர்ப்பித்துவிட்டு 30 நாளுக்குள் ஆதார் கடவுச்சொல் போட்டுச் சரிபார்க்கவில்லை. சிக்கலாகிவிட்டது. கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

முருகன்:
அது நம் நாட்டு முறை, அண்ணே. ELSTER-இல் சான்றிதழ்க் கோப்போடு உள்ளே நுழைந்து அனுப்பினால் தனியாகக் கையெழுத்து வேண்டாம். இங்கே வரும் குழப்பம் வேறு. Prüfen என்ற பொத்தான் சரிபார்க்க மட்டும். பிழை இல்லை என்று வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். Speichern und Formular verlassen என்றால் சேமித்துவிட்டு வெளியேறுவது. அப்படிச் செய்தால் படிவம் Entwürfe பட்டியலில் வரைவாகத்தான் கிடக்கும். உண்மையில் போயிருந்தால் Übermittelte Formulare பட்டியலில் வரும். அங்கே பார்ப்பதுதான் உறுதி.

செல்வி:
அப்படியானால் மூன்றும் தெளிவாகப் பிரிய வேண்டும். 'சரிபார்', 'சேமித்து வெளியேறு', 'தாக்கல் செய்'. 'அனுப்பு' என்றால் மின்னஞ்சல் போலத் தோன்றுகிறது, திரும்பப் பெற முடியாத கனம் அதில் இல்லை.

புலவர் இராமலிங்கம்:
'தாக்கல்' அரபு மூலத்திலிருந்து வந்தது. 'ஒப்படை' இருக்க அது எதற்கு?

தமிழரசி:
வேட்புமனுத் தாக்கல் தெரியாத கிராமம் டெல்டாவில் இல்லை, ஐயா. செல்வி, மற்ற இரண்டு தலைப்புகளையும் கவனியுங்கள். என் தம்பி அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணத்தை நன்கொடைக் கட்டத்தில் போட்டுவிட்டான்.

முருகன்:
நன்கொடை Sonderausgaben-இல் சேரும், தேவாலய வரியும் அங்கேதான். பெற்றோருக்கு அனுப்புவது மூன்றாவது தலைப்பைச் சேர்ந்தது. Anlage Unterhalt என்ற தனித்தாள் நிரப்ப வேண்டும். இந்தியாவில் இருப்பவருக்கு உச்சவரம்பில் நாலில் ஒரு பங்குதான். பெற்றோருக்குப் போதிய வருமானமும் சொத்தும் இல்லை என்று காட்டவும் வேண்டும். ஆகவே அது வெறும் 'சுமை' இல்லை, 'வழக்கத்துக்கு மீறிய குடும்பச் சுமை' என்றால் தம்பி அங்கே தேடுவார்.

சேகர்:
மருத்துவச் செலவும் அதில்தானே? குடும்பம் என்று போட்டால் அதை அங்கே தேட மாட்டார்களே.

செல்வி:
இப்போதைக்கு 'வருமானத்துக்கான செலவு', 'தனிவகைச் செலவு', 'வழக்கத்துக்கு மீறிய சுமை', 'தாக்கல் செய்' என்று வைக்கிறேன். ஜெர்மன் சொல் பக்கத்திலேயே இருக்கும். மூன்றாவதின் கீழே பெற்றோர், மருத்துவம் இரண்டையும் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறேன்.

புலவர் இராமலிங்கம்:
'ஒப்படை', 'நீக்கம்' இரண்டிலும் என் மறுப்பைப் பதிவு செய்க. இரண்டாம் பதிப்பின்போது மீண்டும் எழுப்புவேன்.