அந்த 30 வாட் யார் கணக்கில்?

கணக்குப்பிள்ளை:
எங்கள் நகராட்சியில் 1000 கம்பங்களில் 250 வாட் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு 120 வாட் எல்.இ.டி. மாட்டுகிறார்கள். இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 5.22 லட்சம் யூனிட் மிச்சமாகும். சேமிப்பில் பங்கு கேட்கும் ஒப்பந்தக்காரர் 6.42 லட்சம் என்கிறார். இது பொய்க்கணக்கு.

பழைய பொறியாளர்:
பல்பில் அச்சிட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டு ஒருவரைப் பொய்யர் என்கிறீர்கள். சோடியம் விளக்கு சோக் இல்லாமல் எரியாது. கைவைக்க முடியாதபடி சோக் கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அதற்கு மட்டும் ஏறக்குறைய 30 வாட் போகிறது. ஆகவே 280இலிருந்து 120ஐக் கழியுங்கள்.

நாலாவது வார்டு:
280 என்பதே குறைவு. எங்கள் கம்பத்தில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 3 ஆம்பியர் காட்டியது. 230ஆல் பெருக்கினால் 690 வாட்!

பழைய பொறியாளர்:
அது வாட் ஆகாது. அந்தக் கம்பத்தில் கெப்பாசிட்டர் போய்விட்டது. அது நன்றாக இருந்தால் அதே விளக்கு ஒன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். கெப்பாசிட்டர் போனால் மின்னோட்டம் ஏறும், கம்பி சூடாகும், ஆனால் யூனிட் இரண்டு மடங்காக ஓடாது. சோக் எடுக்கும் 30 வாட் அப்படியல்ல, அது மீட்டரில் விழும்.

நாலாவது வார்டு:
நேரில் அளந்தவன் நான். உட்கார்ந்த இடத்திலிருந்து பாடம் நடத்த வேண்டாம்.

பழைய பொறியாளர்:
கம்பத்தில் ஏறிச் சோக் மாற்றியவனிடம் இதைச் சொல்லாதீர்கள்.

தெற்குத்தெரு:
எங்கள் தெருவில் எல்.இ.டி. போட்ட பிறகு ஓர் இடி மழையில் வரிசையாக அணைந்தன. விளக்குக்குள் மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துவிட்டதாம். இருட்டில் நடப்பதும் சேமிப்பில் சேருமா?

பழைய பொறியாளர்:
மின்னெழுச்சித் தடுப்பும் சரியான எர்த்தும் இல்லாமல் மாட்டியிருப்பார்கள். அது வேறு வழக்கு. இங்கே பேச்சு சோக்கைப் பற்றியது.

கணக்குப்பிள்ளை:
சரி, உங்கள் 280ஐயே எடுத்துக்கொள்கிறேன். 1000 சோடியம் விளக்குகளும் எரிந்தனவா? 100 அணைந்து கிடந்தால் பழைய சுமை 280 கிலோவாட் இல்லை, 252தான். புதியவை 1000மும் எரியும், 120 கிலோவாட். மிச்சம் 5.30 லட்சம் யூனிட். எரியாத விளக்குக்கும் சேமிப்பு காட்டி அதில் பங்கு கேட்கிறார்களே, அதைத்தான் பொய் என்றேன்.

பழைய பொறியாளர்:
நீங்கள் முதலில் எழுதியதில் அணைந்த விளக்கு எங்கே இருந்தது? சோக்கை மறந்தவர் இப்போது வேறு கதவைத் தட்டுகிறீர்கள். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் அந்த 30 வாட் மட்டும் ஆண்டுக்கு 9.6 லட்சம் ரூபாய்.

கணக்குப்பிள்ளை:
பெட்டி மீட்டரில் பத்து இரவுக்கு முன்னும் பின்னும் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரைத் தொடாமல் கம்பத்தை எண்ணிக் கொடுத்த பட்டியலுக்கு நான் தலையாட்ட மாட்டேன்.

பழைய பொறியாளர்:
குறிக்கட்டும். அந்த மீட்டரிலும் சோக் இருக்கும்.

நாலாவது வார்டு:
690 பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.