புதுப்பிப்பு: மாமாவின் போன் கடைசியாகத் தெரிந்த இடம்

முந்தைய கேள்வி: “வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போன பஸ்ஸில் மாமாவின் போன் தொலைந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று மேப்பில் தெரியுமா?”

மாமாவின் கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேட உதவும் Find Hub பார்த்தபோது, தக்கலைப் பக்கம் ஒரு புள்ளியும், அதைச் சுற்றிப் பெரிய வட்டமும், கடைசியாகக் காணப்பட்ட நேரம் காலை 10.40 என்பதும் தெரிந்தன. அந்நேரம் பஸ் தக்கலையைக் கடந்துகொண்டிருந்ததால், போன் வடசேரியில் விடுபடவில்லை என்பது உறுதியாகிறது. ஆனால் தக்கலையில்தான் விழுந்தது என்பதற்கு அது சான்றாகாது, ஏனெனில் அதன்பின் அணைந்தோ இணையம் இழந்தோ பஸ்ஸிலேயே மார்த்தாண்டம் வரை போயிருக்கலாம். பஸ்ஸுக்குள் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காமல் செல் கோபுரத்தைக் கொண்டு இடம் கணிக்கப்படும்போது வட்டம் இப்படி விரியும். புள்ளி விழுந்த வீட்டின் கதவைத் தட்டினால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை வைத்து நாமே தேடலாம் என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னார். அது போலீஸ் புகாருக்கும் அரசின் CEIR தளத்தில் போனை முடக்கவும் பயன்படுமே தவிர, நமக்கு இடத்தைக் காட்டாது. தன் போனைத் தொலைவிலிருந்து ஒலிக்கச் செய்து கண்டுபிடித்ததாகக் குளச்சல் அக்கா ஒருவர் சொன்னார்; அது கிடைத்தது, இணையத்தோடு இருந்ததால்தான்.

செல்போன் பழுதுபார்க்கும் நண்பர், போனிலுள்ள தரவை அழித்துவிட்டால் பிறகு இடமே தெரியாது என்று எச்சரித்ததால், அழிக்காமல் போனைப் பூட்டி, திரையில் என் எண்ணை மட்டும் காட்டக் கட்டளையிட்டிருக்கிறேன். போன் மீண்டும் இணையத்துக்கு வந்தால்தான் அதுவும் நிறைவேறும். நேரம் இன்னும் 10.40-லேயே நிற்கிறது.