மறுபடி மறுபடி சிவக்கும் கால்: பெனிசிலினை எப்போது நிறுத்துவது?

ஏற்காடு செவிலியர்
காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் 52 வயது அம்மா. இரண்டு வருடத்தில் இடது காலில் நான்கு தடவை செல்லுலைடிஸ், அதாவது தோலிலும் அதன் அடியிலும் கிருமித் தொற்று. எப்போதும் அதே வரிசை: குளிர் நடுக்கம், தொடையிடுக்கில் நெறி, சில மணி நேரத்தில் கெண்டைக்கால் சிவந்து கொதிக்கும். மூன்றாவது தடவை அக்கி என்று காவி பூசி வந்தார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கவே கழுவ வேண்டியதாயிற்று. நான்காவது ஆறியதும் பெனிசிலின் வி 250 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று, ஒரு வருடத்துக்கு எழுதினார்கள். எட்டு மாதமாக வரவில்லை. "நிறுத்திடட்டுமா?" என்கிறார்.

சேலம் மருந்துக்கடைக்காரர்
அது யானைக்கால்தான். ராத்திரி ரத்தம் எடுத்துப் புழு பார்த்து, யானைக்கால் மாத்திரையான டி.இ.சி. கொடுத்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

தோல் மருத்துவர்
பாதி சரி. வீக்கத்துக்குப் பின்னால் யானைக்கால் புழு இருக்கலாம், பார்த்துவிடுவது நல்லது. ஆனால் காய்ச்சலோடு சிவப்பது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால். டி.இ.சி. அதைத் தொடாது.

நிறுத்துவது பற்றி: 2013-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 274 பேர் இருந்தார்கள். மாத்திரை சாப்பிட்ட அந்த ஒரு வருடத்தில் 22 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 சதவீதம். நிறுத்தியபின் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. குண்டானவர்கள், வீக்கம் நிற்பவர்கள், மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்கள், இவர்களிடம் மாத்திரை கொஞ்சம் தோற்கத்தான் செய்தது. இந்த அம்மா வீக்கம், தடவை என்று அதில் இரண்டு கட்டத்தில் விழுகிறார். எட்டு மாதத்தில் விடச் சொல்ல மாட்டேன்.

ஆத்தூர்
அப்பாவுக்கு இரண்டு காலும் சிவப்பு, காய்ச்சல் கிடையாது. அவருக்கும் இதை ஆரம்பிக்கலாமா சார்?

தோல் மருத்துவர்
இரண்டு காலும் ஒன்றாகச் சிவந்து காய்ச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் நரம்பு சுருண்ட காலின் தோல் அழற்சி. அது வேறு வழக்கு, நேரில் காட்டுங்கள்.

கட்டு போடும் பிசியோ
மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்க் குழாயைக் கொஞ்சம் கெடுக்கும், அதனால் வீக்கம் மிஞ்சும், மிஞ்சிய வீக்கத்தில் கிருமி சுலபமாகக் குடியேறும். இந்தச் சுழலை வெட்டுவது கட்டு. காலையில் எழுந்ததும், கால் தொங்குமுன், விரல் அடியிலிருந்து முழங்கால் கீழ்வரை. கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. தலைகீழானால் பாதம் ஊதிவிடும். பாதத்தில் நாடி பார்க்காமல் கட்டவே கூடாது. சிவப்பு புதிதாகக் கொதிக்கும்போது வலி அடங்கும்வரை கட்டு வேண்டாம். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். கிருமி நுழையும் வாசல் அதுதான்.

தோல் மருத்துவர்
ஒன்று சேர்க்கிறேன். மாத்திரை சாப்பிடும்போதே நடுக்கம் வந்தால் அதையே இரண்டாக்காதீர்கள். அது தடுக்கும் அளவு, தீர்க்கும் அளவல்ல. முழு சிகிச்சை முடித்துப் பழைய அளவுக்குத் திரும்பலாம். வேளை தவறுகிறவருக்கு 12 லட்சம் யூனிட் பென்சதின் பெனிசிலின் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, எழுதுகிறோம். இடுப்பு நன்றாக வலிக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு எரித்ரோமைசின்.

ஏற்காடு செவிலியர்
மழை மாதங்களில் ரப்பர் பூட்ஸுக்குள் கட்டு நனைந்து, மதியத்துக்குள் அவிழ்த்துவிடுகிறார். அதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?