பனல் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர்?

கிளிநொச்சி ஆசிரியை:
உயர்தர வகுப்புக்கு ஒரு பயிற்சி எழுதுகிறேன். 50 வற்றுச் சோலர் பனல், தொடராக ஒரு டயோட், 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி. பனலின் வோல்ற்று-ஓட்ட வளையியில் ஓட்டத்தை எங்கே வாசிப்பது என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை ‘இயங்கு புள்ளி’ எனலாமா?

மாங்குளம், சோலர் பூட்டுபவர்:
ரீச்சர், வளையி எதுக்கு? 50ஐ 12ஆல பிரிச்சா நாலு அம்பியருக்கு மேல வரும். மீற்றரில மூண்டுதான் காட்டும். மிச்சத்தை டயோட் திண்டிடும்.

வவுனியா, ஓய்வுபெற்ற தொழினுட்ப விரிவுரையாளர்:
தம்பி, மீற்றர் சொல்வது சரி, காரணம் வேறு. டயோட்டில் விழுவது 0.7 வோல்ற்று, 3 அம்பியரில் அது இரண்டு வற்றுச் சொச்சம்தான்.

பின்பக்க அட்டையில் திறந்த சுற்று 21.6 வோல்ற்று, குறுஞ்சுற்று 3.0 அம்பியர், உச்ச வலு 17.5 வோல்ற்றில் 2.86 அம்பியர் என்று வைப்போம். பற்றரி 12.6இல் இருந்தால் பனல் 13.3இல் நின்றாக வேண்டும். கிடை அச்சில் 13.3இல் நேர்க்கோடு எழுப்புங்கள். வளையியை ஏறத்தாழ 2.95இல் வெட்டும். பனல் தருவது 39 வற்று. மீதி 11ஐ யாரும் தின்னவில்லை, அது பனலில் உண்டாகவேயில்லை.

இரண்டு வளையிகள் வெட்டும் இடம் என்பதால் எனக்கு ‘சந்திப்புப் புள்ளி’ பிடிக்கும்.

முல்லைத்தீவு:
ஐயா, பனலுக்குப் பின்னால பெட்டியில ஏற்கெனவே டயோட் இருக்கே, இன்னொண்டு ஏன்? என்ர வாடியில நேரா பற்றரிக்குக் குடுத்தனான். விடிய லைற் மங்கிப்போகுது.

வவுனியா:
பெட்டியில் உள்ளது, நிழல் விழுந்த கலங்களைச் சுற்றி ஓட்டம் போக வழிவிடுவது. இரவில் பற்றரியிலிருந்து பனலுக்குத் திரும்பும் ஓட்டத்தை அது மறிக்காது. இருட்டிய பிறகு பனல் வயரைக் கழற்றி இடையில் அம்பியர் மீற்றரை வைத்துப் பாருங்கள். கணிசமாக ஓடினால் டயோட் தேவை. ஒன்றும் இல்லையென்றால் பற்றரியே பழுதாகியிருக்கலாம்.

ஆசிரியை:
13.3இல் வளையி தட்டையாக இருக்கிறதே. 0.3 வோல்ற்று மட்டும் விழும் ஷொட்கி டயோட் போட்டால் லாபமில்லையா?

வவுனியா:
அந்த இடத்தில் அநேகமாக இல்லை. ஆனால் அட்டைக் கணக்கு கலம் 25 பாகையில் இருக்கும்போது எடுத்தது. நம் சித்திரை வெயிலில் கலம் 60ஐத் தொட்டால் வளையி மடிந்து சரியத் தொடங்கும் முழங்கால் 15 வோல்ற்று அளவுக்கு இறங்கிவிடும். பற்றரி நிரம்பி 14.4க்கு ஏறியதும் பனல் 15.1இல் நிற்க வேண்டும். அங்கே வளையி சரியத் தொடங்கிவிட்டது, 0.4 வோல்ற்றும் ஓட்டத்தில் தெரியும். நீண்ட மெல்லிய வயரும் அதே வேலையைச் செய்யும்.

மாங்குளம்:
அதுதான் மத்தியானம் ஓட்டம் விழுறது! நான் பனலைத் தகரத்தோட ஒட்டியெல்லோ பூட்டுறன். சந்திப்பு எண்டா ஆக்கள் ரோட்டுச் சந்தி எண்டு நினைப்பினம். நாங்கள் ‘பனல் நிக்கிற இடம்’ எண்டுதான் கதைக்கிறது.

ஆசிரியை:
வினாத்தாளுக்கு இப்போதைக்கு ‘இயங்கு புள்ளி’ என்றே போடுகிறேன். 60 பாகை வளையியையும் சேர்த்து, பற்றரி 14.4இல் இருக்கும்போது ஓட்டம் என்ன என்று இரண்டாம் பகுதியில் கேட்கப் போகிறேன்.