பதிப்பில் இல்லாத புத்தகம் உங்களுக்குக் கிடைத்தது எப்படி?

மேகலா (நியூஜெர்சி): 1964ல் வந்த ஒரு தஞ்சாவூர்க் கோயில் வரலாறு, பதிப்பகமே இப்போது இல்லை. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான WorldCatல் தமிழில் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. thanjavur என்று போட்டால் ஆங்கிலப் புத்தகங்களாகக் கொட்டியது. அப்புறம் ஒரு நூலகர்தான், அமெரிக்க நூலகங்கள் தமிழ் எழுத்தை ஒரே முறையில்தான் ரோமனில் எழுதும், ச எங்கே வந்தாலும் c, க என்றால் எப்போதும் k, அதனால் tancavur என்று தேடு என்றார். உடனே வந்தது. எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, சில வாரங்களில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து புத்தகமே வந்துவிட்டது. அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை, நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று.

பழையபேப்பர்: அப்போ பட்டியலில் இருந்தால் கேட்டால் போதும், எந்தப் புத்தகமும் வந்துவிடும்.

கார்த்தி_நூலகம்: அப்படி இல்லை சார். பழுதாகி ஒடிகிற தாளாக இருந்தால் அனுப்ப மாட்டார்கள், கேட்ட அத்தியாயத்தை மட்டும் ஸ்கேன் செய்து தருவார்கள், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. மேகலாவுக்கு ஆண்டும் கைகொடுத்திருக்கிறது. 1962 முதல் PL-480 என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தில் இந்தியாவில் அச்சானவற்றை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தையது என்றால் நான் முதலில் பார்ப்பது தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்தைத்தான். இந்தியாவுக்குள் DELNET என்ற நூலக வலையமைப்பு வழியாக இரவல் கேட்கலாம், ஆனால் உறுப்பினரான கல்லூரி, நிறுவன நூலகம் மூலம்தான், தனி ஆளாகக் கேட்க முடியாது.

செல்வி: எங்கள் தாத்தா வைத்திருந்த பழைய புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன விலை போகும்?

பழையபேப்பர்: செல்விம்மா, இங்கே தேடுகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். முதல் பதிப்பா, அட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

ரவி (மதுரை): நான் பழைய புத்தகக் கடைக்காரரிடம் போனில் பேசியே வாங்குகிற ஆள். "நல்ல கண்டிஷன்" என்பதை நம்பிக் காசு அனுப்பியதில் ஒரு புத்தகத்தில் நடுவே 16 பக்கம் இல்லை. ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கிற பக்கத் தொகுதியைத்தான் ஃபாரம் என்பார்கள், அதில் ஒன்றே தைக்காமல் விட்டுப்போயிருக்கிறது, பக்க எண்ணைக் கவனித்துப் புரட்டினால் ஒழியத் தெரியாது. இப்போதெல்லாம் 17, 33, 49 என்று ஃபாரம் தொடங்குகிற பக்கங்களின் அடிப்பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவற்றில் கீழ் ஓரத்தில் தலைப்பின் முதல் எழுத்தோடு 2, 3, 4 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். வரிசை விட்டால் பக்கம் போயிருக்கிறது. கடைசியில் இரண்டு மூன்று தாள் கிழிந்திருந்தால் இதில் தெரியாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மேகலா: 8 பக்க ஃபாரமாக இருந்தால்?

ரவி (மதுரை): அப்போ 9, 17, 25 என்று பாருங்கள். ஆனால் எண்ணே போடாத அச்சகங்களும் உண்டு, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?