புதுப்பிப்பு: தள்ளுபடிக் கோரிக்கை, ஒப்புதல் குறிப்பு

முன்பு கேட்டது: "'பழைய கஸ்டமர் சார், 10% போட்டுக் கொடுங்க, இல்லேன்னா போயிடுவார்' என்று விற்பனைப் பிரதிநிதி அனுப்புகிறார். இதை ஒப்புதல் குறிப்பாக எப்படி எழுதுவது?"

விலை 100, அடக்கம் 70. மார்ஜின் 30-லிருந்து 20 சதவீதமாகும் என்று பதிலில் ஒருவர் சொன்னது பாதி சரி. 90-க்கு விற்றால் 20 மிஞ்சும், அது 22.2%. ஆனால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஈடுகட்ட ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். கணக்குப் பிரிவு அக்கா சொன்னபடி இதையே குறிப்பின் முதல் வரியாக்கினேன்.

'பழைய கஸ்டமர்' என்பது லெட்ஜரைப் பார்த்தபின் '30 நாள் கடன், பணம் வருவது சராசரி 48 நாளில்' என்றானது. 'போயிடுவார்' என்பதற்கு போட்டியாளர் கொட்டேஷன் இல்லை. 'வாய்மொழித் தகவல் மட்டும்' என்றே எழுதினேன். (பிரதிநிதிக்குக் கோபம்தான்.)

மேலாளர் 5% தந்தார், 30 நாளில் பணம் வந்தால் மட்டும், கிரெடிட் நோட்டாக. கஸ்டமர் பதில் இன்னும் வரவில்லை.